அண்ணனிடம் மன்னிப்பை எப்படிக் கேட்பது?

கேள்வி: அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது. பதினாறாம் நாள் காரியத்தன்று சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கும்போது என் அண்ணன், "அப்பா படுக்கையில கிடந்தப்ப எட்டிப் பார்க்காதவ, இப்ப பங்குக்கு மட்டும் வந்துட்டா" என்று சொல்லிவிட்டார். பங்கு பற்றி நான் வாயே திறக்கவில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது வாராவாரம் சனிக்கிழமை திருப்பூரிலிருந்து மதுரைக்கு வந்து, ஞாயிறு ராத்திரி வரை கூட இருந்துவிட்டுத்தான் போனேன். மகளுக்கு அப்போது பத்தாம் வகுப்புப் பரீட்சை. அதற்கப்புறம் அண்ணன் எதுவுமே நடக்காத மாதிரி இருக்கிறார். போன் செய்கிறார், பொங்கல் சீர் வருகிறது. அந்தப் பேச்சுக்கு மட்டும் ஒரு வார்த்தை இல்லை. நானாகக் கேட்டால் சண்டையாகிவிடுமோ என்று பயம். கேட்டு வாங்குகிற மன்னிப்புக்கு மதிப்பு உண்டா? எப்படித்தான் கேட்பது?

பதில்: கேளுங்கள். ஆனால் "மன்னிப்பு" என்ற பெயரில் கேட்காதீர்கள். அவர் சொன்னது உண்மையில்லை என்பதை அவர் வாயால் கேட்க வேண்டும் என்று இருக்கிறது, இல்லையா? அதைக் கேளுங்கள். ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்று சொல்கிறேன். பாகப்பிரிவினை வழக்குகளில் சமரசராக உட்கார்ந்து அண்ணன் தங்கைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். சொத்துக் கணக்கு ஒரு பக்கம் ஓடும். அதற்கு அடியில் எப்போதோ எவரோ சொன்ன ஒரு வாக்கியம் கிடக்கும். உங்களுடையதும் அந்த வகைதான். ஒரே வித்தியாசம், நீங்கள் கோர்ட்டுக்குப் போகும் முன்பே கேட்டுவிட்டீர்கள்.

முதலில் மதிப்பைப் பற்றி. கேட்டு வாங்கினால் மதிப்பில்லை என்று நினைப்பதற்குக் காரணம், கேட்பதையும் மிரட்டி வாங்குவதையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு குரலில் தெரியாது. கெஞ்சும் குரலில்கூடக் கட்டாயப்படுத்தலாம். அவர் "முடியாது" என்று சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதில்தான் அது தெரியும். "சொல்லாவிட்டால் இனி அந்த வாசலை மிதிக்க மாட்டேன்" என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டுப் போனால், எவ்வளவு பணிவாகப் பேசினாலும் அது கெடு வைப்பதுதான். எதிரில் இருப்பவருக்கு அது மோப்பத்திலேயே தெரிந்துவிடும். அவர் மறுத்தாலும் அடுத்த பொங்கலுக்கு வரும் சீரை இப்போது வாங்குவதுபோல வாங்க முடியுமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். முடியும் என்றால் கேட்கத் தயாராக இருக்கிறீர்கள். முடியாது என்றால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள்.

அடுத்து, உங்களுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பது. இரண்டு காட்சிகளைக் கற்பனை செய்யுங்கள். ஒன்று: அண்ணன் போனில், "சரி சரி, ஏதோ கோவத்துல சொல்லிட்டேன், ஸாரி. மாப்பிள்ளை நல்லா இருக்காரா?" என்று பத்து நொடியில் முடித்துவிடுகிறார். இரண்டு: ஸாரி என்ற வார்த்தையே இல்லை, ஆனால் ஒரு கல்யாண வீட்டில் சித்தியிடம், "அப்பாவுக்கு முடியாம இருந்தப்ப பாப்பாவும் வாராவாரம் வந்துட்டுத்தான் இருந்தா, நான்தான் அன்னைக்கு வாய் தவறிட்டேன்" என்கிறார். எதில் உங்களுக்குத் தூக்கம் வரும்? பெரும்பாலும் இரண்டாவதில்தான். அந்தப் பேச்சில் இரண்டு காயங்கள் இருக்கின்றன. சொன்னது பொய் என்பது ஒன்று. அதைக் கேட்ட ஆட்கள் இன்றுவரை அதை நம்பிக்கொண்டிருக்கிறார்கள் என்பது இன்னொன்று. வெறும் ஸாரி இரண்டையும் தொடாது.

இதை ஆராய்ச்சியும் ஒட்டித்தான் பேசுகிறது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராய் லெவிக்கியும் அவரோடு சேர்ந்தவர்களும் மன்னிப்பை ஆறு கூறுகளாகப் பிரித்து, எது அதிகம் எடுபடுகிறது என்று பார்த்தார்கள். 2016-இல் முடிவு வெளிவந்தது. "தவறு என்னுடையது" என்று பொறுப்பை ஏற்பதுதான் முதலிடத்தில் வந்தது. அடுத்தது, கெட்டதைச் சரிசெய்யத் தருகிற வாக்கு. "என்னை மன்னித்துவிடு" என்று கேட்பது கடைசி இடத்தில் இருந்தது. அவர்கள் பார்த்தது வேலை இடத்தைப் போன்ற கற்பனைச் சூழல்களை, குடும்பத்தை அல்ல. ஆனாலும் நீங்கள் எதைக் கேட்க வேண்டும் என்பதற்கு அது நல்ல வழிகாட்டி. நம்மில் பலர் கடைசி இடத்தில் இருப்பதைத்தான் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிற்பாடு ஏமாறக் கூடாது. 2011-இல் டேவிட் டி கிரெமரும் சக ஆய்வாளர்களும் செய்த சோதனைகளில், மன்னிப்புக் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்தவர்கள் அதற்குக் கொடுத்த மதிப்பு, அதை நிஜமாகவே பெற்றவர்கள் கொடுத்ததைவிட அதிகமாக இருந்தது. மூன்று வருடமாக மனதில் ஓட்டிப் பார்த்த காட்சியில் அண்ணன் கண் கலங்கியிருப்பார். நேரில் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு அரைகுறையாக ஏதோ சொல்வார். அந்த அரைகுறைதான் நிஜத்தில் மன்னிப்பு வருகிற உருவம்.

இப்போது அண்ணன் பக்கம். ஏன் வாயைத் திறக்கவில்லை? நினைவில்லாமல் இருக்கலாம், சொன்னவருக்கு மறந்துபோவதும் கேட்டவருக்கு எழுத்துப் பிசகாமல் நினைவிருப்பதும் சகஜம். நினைவிருந்தும் பேசாமல் இருக்கலாம். 2013-இல் டைலர் ஒகிமோட்டோ குழுவினர் காட்டியபடி, மன்னிப்புக் கேட்க மறுப்பவருக்குத் தன் கையில் பிடி இருக்கிறது என்ற உணர்வு கூடுகிறது. அப்பாவுக்குப் பிறகு வீட்டுக்குப் பெரியவர் என்ற இடத்தில் இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறவர், தங்கை முன்னால் அந்தப் பிடியை விட யோசிப்பார். பொங்கல் சீரே அவருடைய மன்னிப்பாகக்கூட இருக்கலாம். நம் வீட்டு ஆண்களில் பலர் வாயால் சொல்ல முடியாததைக் கரும்பும் பச்சரிசியும் வாங்கிக் கொடுத்துச் சொல்கிறவர்கள். ஆனால் அது யூகம்தான். யூகத்தை வைத்து உங்கள் கணக்கை முடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

இன்னொன்றும் கசப்பாக இருந்தாலும் சொல்ல வேண்டும். நீங்கள் சனி, ஞாயிறு இருந்தீர்கள்; மற்ற ஐந்து நாளும் அண்ணனும் மதினியும் இருந்திருப்பார்கள். படுக்கையில் கிடக்கும் அப்பாவைத் தினமும் பார்த்தவருக்கு, வாரம் ஒருமுறை வருகிறவர் மீது ஓர் எரிச்சல் சேரும். அதற்காக அவர் சொன்னது நியாயமாகிவிடாது. ஆனால் அந்தச் சோர்வை நீங்கள் முதலில் சொல்லிவிட்டால், அவர் அதை ஆயுதமாக எடுக்க வேண்டிய தேவை இருக்காது.

எப்போது பேசுவது என்பதை வார்த்தைகளைவிட முக்கியம் என்பேன். முதலில் சொத்து விஷயத்தைப் பாருங்கள். அப்பாவின் வீடு இன்னும் பிரியாமல் இருக்கிறதா? உயில் எழுதாமல் போயிருந்தால், அவர் சுயமாகச் சம்பாதித்ததில் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் அண்ணனுக்கும் உங்களுக்கும் சமபங்கு. யார் எத்தனை நாள் பார்த்துக்கொண்டார்கள் என்பதைச் சட்டம் கேட்பதில்லை. பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்தில் உங்கள் கையெழுத்து வேண்டும் என்ற பேச்சு ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் இந்த விஷயத்தை எடுத்தால், "கையெழுத்துக்கு விலை பேசுறா" என்றுதான் அவர் காதில் விழும். நீங்களும், "ஸாரி சொன்னார், அதனால் போட்டுவிடுகிறேன்" என்று பின்னால் வருத்தப்படுகிற முடிவை எடுத்துவிடலாம். இரண்டையும் நாட்களில் தள்ளி வையுங்கள். பத்திரப் பதிவு நெருங்கிவிட்டதென்றால், அது முடியட்டும் அல்லது நிற்கட்டும்; அதுவரை இதைத் தொடாதீர்கள்.

திதியன்று வேண்டாம். விசேஷ வீட்டில் வேண்டாம். வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதி அனுப்புவது இருப்பதிலேயே மோசமான வழி. அவர் அதைக் கடையில் ஆட்கள் நிற்கும்போது படிப்பார், மதினியிடம் காட்டுவார், மதினி அவங்க அம்மாவிடம் சொல்வார். பங்கு பாக்கி இருக்கும் வீட்டில், எழுத்தில் "தப்புதான்" என்று பதில் போட எந்த அண்ணனும் தயங்குவார். நாளைக்கு இதை எங்கே காட்டுவாளோ என்று தோன்றும். நேரில், தனியாக, உட்கார்ந்து பேசுங்கள். எதிரெதிரே உட்காராமல் பக்கத்துப் பக்கத்தில், காரில் போகும்போதோ திண்ணையிலோ பேசினால் இன்னும் நல்லது. முகத்தைப் பார்த்தே ஆக வேண்டிய சங்கடம் குறையும். முந்தின நாளே போனில், "அண்ணே, ஒரு விஷயம் மனசுல இருக்கு. சண்டை இல்ல, வீட்டுப் பங்கு விஷயமும் இல்ல. நாளைக்கு ஒரு அரை மணி நேரம் தனியா பேசணும்" என்று சொல்லிவிடுங்கள். திடுதிப்பென்று ஆரம்பித்தால் யாரும் முதலில் தற்காப்புக்குத்தான் போவார்கள்.

உங்கள் வீட்டுக்காரரைக் கூட்டிப் போக வேண்டாம். மாப்பிள்ளை உட்கார்ந்துவிட்டால் அது அண்ணன் தங்கைப் பேச்சாக இருக்காது, இரண்டு வீட்டு மரியாதைப் பிரச்சினையாகிவிடும். அம்மாவைத் தூது விடுவதும் வேண்டாம். அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகளும் பேசிக்கொள்வதுதான் முக்கியம். உங்களிடம் "விடும்மா" என்பார், அவரிடம் "அவ மனசுல ஒண்ணுமில்லடா" என்பார். உங்கள் விஷயம் நடுவில் எங்கேயோ கரைந்துபோகும்.

இனி வார்த்தைகள். பெரும்பாலும் மனதில் தயாராக இருக்கும் வடிவம் இப்படித்தான் இருக்கும்: "அன்னைக்கு எல்லார் முன்னாடியும் என்னை அசிங்கப்படுத்துனீங்க. மூணு வருஷமா ஒரு ஸாரி கூட இல்ல. உங்களுக்கு மனசாட்சியே இல்லையாண்ணே?" இதில் ஒவ்வொரு வாக்கியமும் அவருக்கு ஒரு மறுப்பை எடுத்துக் கொடுக்கிறது. நான் எங்க அசிங்கப்படுத்தினேன்? மூணு வருஷமா நான்தானே போன் பண்றேன்? மனசாட்சி இல்லாதவனா சீர் கொண்டு வர்றேன்? பேச்சு எங்கேயோ போய்விடும். கடைசிவரை அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி யாருமே பேசியிருக்க மாட்டீர்கள்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன். உங்கள் பேச்சு வழக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்:

"அண்ணே, அப்பா காரியத்தன்னைக்கு சித்தி, மாமா எல்லாரும் இருந்தப்ப, 'எட்டிப் பார்க்காதவ, பங்குக்கு மட்டும் வந்துட்டா'ன்னு சொன்னீங்க. அது எனக்கு இன்னும் ஆறல. அப்பாவை மத்த நாளெல்லாம் நீங்களும் மதினியும்தான் பார்த்துக்கிட்டீங்க. அந்தப் பாரம் உங்க மேலதான் இருந்துச்சு, அதை நான் மறக்கல. நானும் வாராவாரம் வந்தேன், அது உங்களுக்கும் தெரியும். அன்னைக்குச் சொன்னது சரியில்லன்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா, அதை உங்க வாயால ஒரு தடவை கேட்கணும்னு எனக்கு ஆசை. இப்பவே சொல்லணும்னு இல்ல."

அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகாது. அவர் சொன்னதை அப்படியே சொல்கிறீர்கள். "அசிங்கப்படுத்துனீங்க" என்று அதற்குப் பெயர் வைக்கவில்லை. சொன்ன வார்த்தையை மறுப்பதைவிட, நீங்கள் வைத்த பெயரை மறுப்பது அவருக்குச் சுலபம். அவர் பட்ட பாட்டைச் சொன்னதற்கும் நீங்கள் வந்ததைச் சொன்னதற்கும் நடுவில் "ஆனா" இல்லை, கவனியுங்கள். "நீங்க கஷ்டப்பட்டீங்க, ஆனா..." என்று ஆரம்பித்தால் அந்த "ஆனா" முன்னால் சொன்னதை அழித்துவிடும். "நானும்" என்பது போதும். "உங்களுக்குத் தோணுச்சுன்னா" என்பதுதான் இதில் அச்சாணி. மறுக்கும் உரிமையை அவர் கையில் கொடுப்பது அதுதான். அதே காரணத்தால், அவர் சொன்னால் அது அவராகச் சொன்னதாக இருக்கும். கேட்டு வாங்கியது என்ற உங்கள் உறுத்தலுக்கும் அதுவே பதில்.

சேர்க்கக் கூடாதது ஒன்று உண்டு: "அப்பா இருந்திருந்தா இப்படிப் பேசியிருப்பீங்களா?" வாய் வரைக்கும் வரும். விழுங்கிவிடுங்கள். இறந்தவரைச் சாட்சிக்கு இழுத்தால் அண்ணனுக்கு மறுக்க வழியே இல்லை. வழியில்லாத இடத்தில் வருவது மன்னிப்பாக இருக்காது. "நான் செத்த பிறகுதான் புரியும்" என்பதும் இதே ரகம்.

சொன்ன பிறகு சும்மா இருங்கள். இதுதான் கஷ்டம். அமைதி சங்கடமாக இருக்கிறதே என்று, "பரவால்ல, விடுங்கண்ணே, சும்மாதான் சொன்னேன்" என்று நீங்களே மூடிவிடுவீர்கள். நிறையப் பேர் இந்த இடத்தில்தான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள்.

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?" என்று கேட்பார் என எதிர்பாருங்கள். உடனே சித்தியைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று போகாதீர்கள். சாட்சி வந்தால் அது வழக்காகிவிடும். "உங்களுக்கு ஞாபகம் இல்லாம இருக்கலாம்ணே. எனக்கு இருக்கு. இப்பவும் அப்படித்தான் நினைக்கிறீங்களா?" என்று கேளுங்கள். இந்தக் கேள்வியை நான் நம்புகிறேன். சொன்னதை ஒப்புக்கொள்ளாதவர்கூட, "சேச்சே, நான் ஏன் உன்னை அப்படி நினைக்கப் போறேன்" என்பார். உங்களுக்கு வேண்டியதில் பாதி அதிலேயே வந்துவிட்டது. "அதைக் கேட்கத்தான்ணே வந்தேன்" என்று வாங்கிக்கொள்ளுங்கள்.

கோபப்பட்டு, "உனக்கென்ன, ரெண்டு நாள் வந்துட்டுப் போயிருவ. ராத்திரி ராத்திரி நான் பட்டது எனக்குத்தான் தெரியும்" என்று கொட்டலாம். கொட்டட்டும். இது கெட்ட அறிகுறி இல்லை. அன்று தவறான வாக்கியமாக வெளியே வந்தது இன்று சரியான வாக்கியமாக வருகிறது. குறுக்கே பேசாமல் கேளுங்கள். அதில் உங்கள் பக்கம் நிஜமான குறை ஏதாவது இருந்தால், "அது என் தப்புதான்ணே" என்று சொல்லிவிடுங்கள். அதற்குப் பதிலாக அவரும் சொல்ல வேண்டும் என்று பேரம் பேசாமல் சொல்லுங்கள். உங்கள் விஷயத்துக்கு அன்றே திரும்பி வர வேண்டியதில்லை. சில நாள் கழித்து அவரே போன் செய்து வேறு ஏதோ பேசுகிற சாக்கில் அதைத் தொடுவதும் உண்டு.

"சரி, தப்புதான், விடு" என்று முடித்தாரானால், அதைச் சின்னதென்று தள்ளாதீர்கள். "இப்படியா சொல்றது?" என்று திருத்தவும் வேண்டாம். உடனே "பரவாயில்லை" என்றும் சொல்லிவிடாதீர்கள், ஏனென்றால் பரவாயில்லாமல் இல்லை. "சொன்னீங்களே, அது போதும்ணே" என்றால் உண்மையாகவும் இருக்கும், அவர் கௌரவமும் குறையாது. சித்தி காதில் அது போக வேண்டும் என்ற இரண்டாவது தேவையை அன்றே வைக்காதீர்கள். அது தனிக் கோரிக்கை. வேறொரு நாள், "சித்தி இன்னும் அப்படித்தான் நினைச்சுட்டு இருக்காங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா எனக்கு நிம்மதியா இருக்கும்" என்று கேட்கலாம். இதற்கும் மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு.

ஓர் எல்லையையும் சொல்ல வேண்டும். கை நீட்டுகிறவர், மிரட்டுகிறவர், பேச்சை எடுத்தாலே பொருளை வீசுகிறவர் என்றால் நான் இதுவரை சொன்ன எதுவும் பொருந்தாது. அங்கே தனியாகப் போய்க் கேட்கக் கூடாது. உங்கள் எழுத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை.

அவர் மறுத்துவிட்டால்? "அன்னைக்கு நான் சொன்னது சரிதான்" என்றே சொல்லிவிட்டால்? வலிக்கும். "உங்க நினைப்பு தெரிஞ்சுதுண்ணே. என் நினைப்பு வேற" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடலாம். மறுபடி மறுபடி அதையே போய்க் கேட்டால், முதல் தடவை கேட்டதும் கட்டாயப்படுத்தியதாகவே மாறிவிடும். ஆனால் உங்கள் இரண்டாவது காயத்துக்கு அவர் அனுமதி தேவையில்லை. சித்தியிடம் நீங்களே பேசலாம். "சித்தி, அன்னைக்கு அண்ணன் சொன்னதை நீங்க கேட்டீங்க. அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்ப நான் வாராவாரம் சனிக்கிழமை வந்து ஞாயித்துக்கிழமை ராத்திரி வரைக்கும் இருந்தேன். பங்கு பத்தி இன்னைக்கு வரைக்கும் நான் கேட்டதில்ல. அண்ணனைக் குறை சொல்ல வரல, இது உங்களுக்குத் தெரியணும், அவ்வளவுதான்." சித்தி அண்ணனிடம் போய்ச் சொல்வார்தான். அதில் அவரைப் பழிக்கும் வார்த்தை ஒன்றுகூட இல்லை என்பதால், சொல்லட்டும்.